அழுக்குப் பிள்ளை இல்லாத படம்

நான் வசனம் எழுதிய ஒரே கார்ட்டூன் படத்தில் 'சுத்தம்' என்ற சொல் கிடையாது. 'கூடாது' கிடையாது. 'குழந்தைகளே' என்று யாரும் யாரையும் கூப்பிடுவதும் கிடையாது. கை கழுவுவதைப் பற்றிய ஆறு நிமிடப் படம் அது. இந்த மூன்று சொற்களும் உள்ளே நுழைந்துவிடாமல் நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். திமிர் பிடித்தவள் என்று பெயரும் வாங்கினேன். வாங்கிய பெயரைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இன்றைக்கும் இல்லை.

கோவில்பட்டியில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சராக இருந்தேன். பள்ளிகளில் சத்துணவு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வானொலிக்குச் சிறுவர் நாடகங்கள் எழுதி அனுப்புவேன். அவற்றில் இரண்டு மூன்று ஒலிபரப்பாயின. அதைக் கேட்டுவிட்டுத்தான் மெட்ராஸில் கார்ட்டூன் படம் எடுக்கும் ஒருவர் கடிதம் போட்டார். கிராமத்துப் பிள்ளைகளுக்காகக் கை கழுவுவது பற்றி ஒரு படம் எடுக்கிறார்களாம். ஊர் ஊராகத் திரை கட்டிக் காட்டுவார்களாம். "பாடம் நடத்துவது போல இருக்கக் கூடாது, ஆனால் பாடம் இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். கூடவே கதையின் போக்கை வரைந்த படங்களும் ஒரு கட்டு வந்தன.

படங்களைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். குழாயில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் என்றால் ஒரு பீப்பாய், அதன் மேல் ஒரு தம்ளர். கரிசல் காட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே கை கழுவுகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. கொம்பு வைத்த கிருமி ஒன்று இருந்தது. விரலை உயர்த்திக்கொண்டு ஒரு வாத்தியார் இருந்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு நல்ல பிள்ளை இருந்தது. பக்கத்தில் ஒரு அழுக்குப் பிள்ளை. அதன் கைகளை மட்டும் கருப்பாகத் தீட்டி, விரல்களில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருப்பது போல வரைந்திருந்தார்கள்.

அந்தக் கட்டை வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் காட்டியதுதான் நான் செய்த முதல் தப்பு. எல்லாரும் கிருமியைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. காலையில் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் வீட்டில் தீப்பெட்டி ஒட்டிவிட்டு வருகிறவள். மைதாப் பசை நகக்கண்ணில் காய்ந்து கிடக்கும். அவள் இரண்டு கைகளையும் பாவாடைக்குள் வைத்துக்கொண்டாள்.

மணி அடித்ததும் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், படத்துல வார அழுக்குப் பிள்ள தீப்பெட்டி ஒட்டுத பிள்ளையா?"

"இல்லட்டி. யாரு சொன்னா?"

"கையப் பாத்தா அப்படித்தான இருக்கு."

"இந்தப் படத்துல அழுக்குப் பிள்ளையே வராது. நான்லா எழுதப் போறேன்," என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. கோபத்தில் சொன்னேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். அந்தப் படத்தோடு எனக்கிருந்த சண்டையெல்லாம் இந்த ஒரு வாக்குக்காகத்தான்.

அழுக்குப் பிள்ளையை எடுத்தாயிற்று. வாத்தியாரையும் எடுத்தேன். பிறகு பாடத்தை யார் சொல்வது? நான் பெரிய புத்திசாலி மாதிரி கிருமியையே சொல்லவைத்தேன். உபதேசம் மாதிரி இருக்காது, எதிரியே தன் குட்டை உடைத்துக்கொள்கிறான் என்று நினைப்பு. கிருமி நகத்துக்குள் குடித்தனம் நடத்துகிறது, வாய்க்குள் போக வண்டிக்குக் காத்திருக்கிறது, வயிற்றுக்குள் கல்யாணம் வைத்திருக்கிறது. ஒரே கேலியும் கிண்டலுமாக எழுதி வகுப்பில் வாசித்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் தண்ணீர் ஊற்றிக் கிருமியை அடித்துக்கொண்டு போகும் இடத்தில் வகுப்பு ஊமையாகிவிட்டது. முன் வரிசைப் பையன் ஒருவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அது பாவம்லா டீச்சர். அது கல்யாணத்துக்குப் போகணும்லா."

மறுநாள் இரண்டு பேர் கிருமிக்காகவே கை கழுவாமல் சாப்பிட்டார்கள். எழுதிய தாள்களைக் கிழித்துப் போட்டேன். பிள்ளைகள் யார் நன்றாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம்தான் போவார்கள். கை கழுவுகிற பிள்ளைக்குக் கொடுக்காமல் அந்தப் பேச்சைக் கிருமிக்குக் கொடுத்தது என் மடத்தனம்.

அதன் பிறகு ஒரு வாரம் எதுவும் எழுதவில்லை. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் பீப்பாய்ப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். பிள்ளைகள் வரிசையாக வந்து, தம்ளருக்குள் வலது கை விரல் நுனிகளை விட்டு எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு போனார்கள். ஒரே தம்ளர் தண்ணீரில் பத்துப் பேர் கை. இடது கை பக்கம் தண்ணீரே போகவில்லை. ஏனென்று கேட்டால், "இடது கையாலயா டீச்சர் சாப்பிடுதோம்?" என்று என்னையே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தேய்ப்பதற்கு இரண்டு கை வேண்டும் என்பதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இருக்கிற தண்ணீர் அவ்வளவுதான் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தீப்பெட்டி ஒட்டுகிறவள் மட்டும் பீப்பாய்க்கு வரவில்லை. சுவருக்குப் பின்னால் அடுப்பு மூட்டும் இடத்தில் ஒன்றாம் வகுப்பில் படிக்கிற தங்கையோடு நின்றாள். தங்கை கையில் ஒரு செம்பு. இவள் ஒரு பிடி சாம்பலை எடுத்து இரண்டு கைகளிலும் போட்டுத் தேய்க்கிறாள். தங்கை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுகிறாள்.

"ஊத்துட்டி."

"பெருவிரலு."

"கழுவியாச்சு."

"நான் பாக்கலியே. காட்டு."

"நீ ஊத்து, காட்டுதேன்."

"நீ காட்டு, ஊத்துதேன்."

அரைச் செம்புத் தண்ணீரில் விரல் இடுக்கு, நகக்கண், புறங்கை, பெருவிரல் எல்லாம் முடிந்தது. தண்ணீர் மிச்சமும் இருந்தது. இவ்வளவு பாடு எதற்கென்று கேட்டேன்.

"பசையில மயில்துத்தம் கலந்திருக்கும் டீச்சர். எலி, பூச்சி அரிக்காம இருக்க. சோத்துல பட்டா கசக்கும். ஒருநா வாந்தி வந்துட்டு."

அவளுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுத்தது அந்தக் கசப்பு. வகுப்பிலேயே சரியாகக் கை கழுவத் தெரிந்த ஒரே பிள்ளை அவள். அவள் கையைப் பார்த்து வரைந்த மாதிரிதான் மெட்ராஸ்காரர்கள் அழுக்குப் பிள்ளையை வரைந்து வைத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாயங்காலமே உட்கார்ந்து முழு வசனத்தையும் எழுதி முடித்தேன்.

கதை இதுதான். அம்மா பனங்கிழங்கு அவித்து வைத்திருக்கிறாள். அக்காவுக்கு உடனே வேண்டும். செம்பு தங்கையிடம் இருக்கிறது. தங்கை ஊற்றினால்தான் கை கழுவ முடியும். தங்கைக்குத் திருப்தியானால்தான் ஊற்றுவாள். தினமும் அக்காவிடம் குட்டு வாங்குகிறவளுக்கு அன்றைக்கு ஒரு நாள் அதிகாரம் கிடைத்திருக்கிறது, விடுவாளா? ஆறு நிமிடமும் இந்தச் சண்டைதான். 'சோப்பு இருக்கா? இல்லன்னா சாம்பல எடு' என்பதும் சண்டையின் நடுவில்தான் வரும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று கையில் இருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது என்றுதான் தடுமாறினேன். அதற்கும் தீப்பெட்டிதான் கைகொடுத்தது. படம் தொடங்கும்போதே அக்காவின் முதுகில் ஒரு தீப்பெட்டி லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிற பிள்ளைகளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

"கையில ஒண்ணுமே இல்ல, பாரு."

"உன் முதுகுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"பாத்தியா?"

"முதுக எப்படிப் பாக்க?"

"பாக்காம எப்படி இல்லங்குத?"

காலாண்டு விடுமுறையில் ரயிலேறி மெட்ராஸுக்குப் போனேன். ஒரு மாடி அறை. விளக்குப் பொருத்திய கண்ணாடி மேஜையில் நாலைந்து பேர் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கடிதம் எழுதியவர்தான் இயக்குநர். அமைதியான மனிதர். கார்ட்டூனில் முதலில் குரலைத்தான் பதிவு செய்வார்களாம். எந்த எழுத்து எந்த நொடியில் விழுகிறது என்று கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி வாயை வரைவார்களாம். நொடிக்குப் பன்னிரண்டு படம். நீளமாகப் பேசினால் அத்தனைக்கும் ஒருவர் குனிந்து வரைய வேண்டும். என் வசனத்தை வாசித்துவிட்டு அவர் முகம் மலர்ந்தது.

"சண்டை நடக்கும்போது கையை மட்டும் பெரிசா காட்டிடலாம் டீச்சரம்மா. முகமே தெரிய வேண்டாம். வாய் வரைய வேண்டிய வேலை பாதி போச்சு. அதைவிட, பிள்ளைங்க கையைத்தானே பார்ப்பாங்க?"

எனக்கு இது தோன்றவே இல்லை. பேச்சு சண்டை போடட்டும், படம் பாடம் நடத்தட்டும் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர் இல்லை. படத்துக்கு ஆலோசகராக ஒரு டாக்டர் இருந்தார். அவர் ஒப்புக்கொள்ளாமல் குரல் பதிவு நடக்காது. தாள்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் இருக்கு. கருத்து எங்கம்மா?"

"உள்ள இருக்கு சார்."

"உள்ள இருந்தா யாருக்குத் தெரியும்? கடைசியில அந்த அம்மா வந்து, 'ஆகவே குழந்தைகளே, சுத்தம் சுகம் தரும், அழுக்குக் கையோடு சாப்பிடக் கூடாது' அப்படின்னு சொல்லணும். ஆரம்பத்துல ஒரு அழுக்குப் பிள்ளையைக் காட்டணும். அப்பத்தானே வித்தியாசம் புரியும்?"

"அழுக்குப் பிள்ள வராது சார்."

"ஏன்?"

"எங்க ஊருல எந்தப் பிள்ள கையப் பாத்தாலும் அப்படித்தான் இருக்கும். காட்டுல வேல செய்யும், பசை தொடும். படம் பாக்க வந்த பிள்ளய நீதாண்டா அதுன்னு சொன்னா, அது கையக் கழுவாது. ஒளிச்சு வச்சுக்கிடும்."

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் விடவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதுதான் சரி. "சாப்பாட்டுக்கு முன்னாடி மட்டும் எழுதியிருக்கீங்க. வெளிக்குப் போயிட்டு வந்து கழுவுறது? அதுதான் இதைவிட முக்கியம். அதை எழுத வெட்கமா?" என்றார். வெட்கம்தான். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

"எங்க போயிட்டு வார?"

"சும்மா."

"சும்மாவா? செம்பத் தூக்கிட்டுலா போன? போன வாரம் வயித்தால போயி மூணு நாளா செம்பும் கையுமா அலைஞ்சது யாரு?"

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. கடைசி உபதேசமும் அழுக்குப் பிள்ளையும் இல்லையென்றால் வேறு ஒருவரை எழுதச் சொல்வதாகச் சொன்னார். சொல்லிக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு ஊருக்குப் போவேன்? இயக்குநர்தான் பின்னாலேயே ஓடி வந்து ஒரு யோசனை சொன்னார். டாக்டர் அடுத்த மாதம் திருநெல்வேலிப் பக்கம் வருகிறார். உங்கள் பள்ளிக்கூடத்திலேயே இரண்டு முடிவையும் படங்களை வைத்து வாசித்துப் பார்க்கலாமே என்றார்.

டாக்டர் வந்தார். முதலில் அவருடைய முடிவைத்தான் வாசித்தேன். ஏனோதானோவென்று வாசிக்கவில்லை, நியாயமாகவே வாசித்தேன். 'ஆகவே குழந்தைகளே' என்று முடித்ததும் வகுப்பு முழுக்க ஒரே ராகத்தில், "சரிங்க டீச்சர்" என்றது. வாய்ப்பாட்டுக்கும் அதே ராகம்தான். டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தீங்களா, புரிஞ்சிடுச்சு."

என்னுடைய முடிவை வாசிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. 'சரிங்க டீச்சர்' சொன்ன அத்தனை பேரும் பீப்பாய்க்கு ஓடினார்கள். தம்ளருக்குள் விரல் நுனியை விட்டார்கள், எடுத்தார்கள், சட்டையில் துடைத்தார்கள். டாக்டர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். "இன்னும் ரெண்டு தடவை சொல்லணும்," என்றார்.

சத்துணவு ஆயா அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். அவர் மறுக்காமல் உட்காரப் போனார். அது அவருடைய நல்ல குணம், அதைச் சொல்லத்தான் வேண்டும். கை கழுவ வழி பார்த்தார். பீப்பாயில் ஒரே கூட்டம். சுவருக்குப் பின்னால் அக்காவுக்கு ஊற்றி முடித்துவிட்டு அந்த ஒன்றாம் வகுப்புக்காரி செம்போடு நின்றாள். அவர் அவளுக்கு முன்னால் குனிந்து வலது கையை மட்டும் நீட்டினார். அவள் துளி தண்ணீர் விட்டாள். அவர் விரல் நுனிகளை நனைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பெருவிரலு," என்றாள் அவள்.

"என்னம்மா?"

"பெருவிரலு கழுவல. இன்னொரு கையும் கழுவல."

"நான் டாக்டர்ம்மா."

"சரி சார். பெருவிரலு."

அவளைத் தடுக்க நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். பிறகு வேண்டுமென்றே நின்றுகொண்டேன். அக்காக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரின் காது மடல் சிவந்துவிட்டது. மறுபடியும் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் ஒரு சிட்டிகை சாம்பலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் தேய்த்தார். விரல் இடுக்கு, நகக்கண், புறங்கை, இரண்டு பெருவிரல். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டாள்.

சாப்பிட்டு முடித்தார். ஜீப்பில் ஏறும்போதுதான், "கடைசி வசனத்தை எடுத்துடுங்க. அந்த அழுக்குப் பிள்ளையையும். ஆனா கிருமின்னு ஒரு தடவையாவது வரணும். அது இல்லாம கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அந்தச் சொல்லைத் தங்கை பேச்சிலேயே ஒரு தடவை வைத்தேன்.

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் கூப்பிடும் 'ஏட்டி'யை மட்டும் வசனத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வடக்கே உள்ள பிள்ளைகளுக்குப் புரியாதாம். புரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டுமே என்று இரண்டு கடிதம் எழுதினேன், நடக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த வருடம் படம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஜன்னலையெல்லாம் சாக்கால் மூடி, சுவரில் வேட்டி கட்டி, பகலிலேயே காட்டினார்கள். முதுகில் லேபிளோடு அக்கா வந்ததும் பள்ளிக்கூடமே, "முதுகுல, முதுகுல!" என்று கத்தியது. பிறகு திரை முழுக்கக் கைகள் வந்தன. நகக்கண்ணில் பசை காய்ந்த கைகள். அந்தக் கைகள்தான் சாம்பலைத் தொட்டு எல்லாருக்கும் கழுவிக் காட்டின. "பெருவிரலு" என்றதும் ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட தங்கை எழுந்து நின்று நாலா பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

அக்காக்காரி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. கைகளைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு, வரப்போகிற யாரையோ எதிர்பார்ப்பது போலக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்து சாக்கை விலக்கினார்கள். வெளிச்சம் வந்தது.

"டீச்சர், அந்த அழுக்குப் பிள்ள வரவே இல்லையே?"

"வராதுன்னு சொன்னேம்லாட்டி."

அவள் பாவாடைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.